முப்பது நாள் கடன் என்று எழுதிய திட்டம்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பாலி பேக் செய்து கொடுக்க நினைக்கும் ஒருவர், வங்கிக் கடனுக்காகத் தொழில் திட்டம் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ட்ரூஷன் இயந்திரத்துக்கு மூன்று இடங்களில் வாங்கிய விலைப்பட்டியல் அதில் இருக்கும். கட்டிங் இயந்திரம், மின் இணைப்பு, ஷெட் வாடகை, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். விற்ற சரக்குக்குப் பணம் எப்போது வரும் என்ற கேள்விக்கு மட்டும் ஒரே வரி இருக்கும்: "வாடிக்கையாளர்களுக்கு 30 நாள் கடன்."

கடையில் துணி வாங்குகிறவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துச் செல்கிறார். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கும்போது அப்படி நடப்பதில்லை. சரக்கு முதலில் போகும், பில் கூடவே போகும், பணம் பிறகு வரும். அந்தப் 'பிறகு' எத்தனை நாள் என்பதைப் பொறுத்துத்தான் தொழிலுக்கு எவ்வளவு முதல் வேண்டும் என்பதே முடிவாகிறது. இயந்திரத்தின் விலையில் பத்து சதவீதம் தவறினால் சமாளித்துவிடலாம். கடன் நாள் இரு மடங்கானால் லாபத்தில் ஓடும் தொழிலே நின்றுபோகும். எப்படி நின்றுபோகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம்.

இந்தத் தொழிலின் மாத விற்பனை 20 லட்சம் ரூபாய். பிளாஸ்டிக் பைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் பில் தொகை 23.6 லட்சம். பை செய்யும் பிளாஸ்டிக் குருணைக்கு 13 லட்சம் ஆகிறது. அதற்கும் 18 சதவீத வரி உண்டு என்பதால் கையிலிருந்து போவது 15.34 லட்சம். கூலி, மின்சாரம், வாடகை, வண்டி எல்லாம் சேர்த்து 5 லட்சம். மீதி 2 லட்சம், அதாவது விற்பனையில் பத்து சதவீதம் லாபம். குருணை கொடுப்பவருக்கு அந்தந்த மாதமே பணம் கொடுத்தாக வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு யாரும் அவ்வளவு எளிதாகக் கடன் தரமாட்டார்கள்.

முதல் மாதம் சரக்கு போகிறது, பணம் வரவில்லை. கையிலிருந்து 20.34 லட்சம் போய்விட்டது. இரண்டாம் மாதத்திலிருந்து இன்னொரு செலவும் சேர்கிறது. முதல் மாத விற்பனைக்கு வசூலிக்க வேண்டிய 3.6 லட்சம் வரியில், குருணைக்குக் கட்டிய 2.34 லட்சம் வரியைக் கழித்து, மீதி 1.26 லட்சத்தை அரசுக்குக் கட்ட வேண்டும். ஆக மாதச் செலவு 21.6 லட்சம். திட்டத்தில் எழுதியபடியே 30 நாளில் பணம் வந்தால், இரண்டாம் மாதம் 23.6 லட்சம் உள்ளே வரும், 21.6 லட்சம் வெளியே போகும். அதன்பின் மாதா மாதம் 2 லட்சம் மிஞ்சும். ஆழமான பள்ளம் அந்த முதல் மாதத்து 20 லட்சம்தான்.

அதே பணம் 60 நாளில் வருவதாக வைத்துக்கொண்டால் இரண்டாம் மாதமும் வரவு இல்லை. பள்ளம் 42 லட்சமாகிறது. 90 நாள் என்றால் மூன்றாம் மாதமும் கையை விட்டே போகிறது, பள்ளம் 63.5 லட்சம். விற்பனை, செலவு, மாத லாபம் எதுவுமே மாறவில்லை. ஆனால் 20 லட்சம் நடைமுறை மூலதனம் போதும் என்று நினைத்த இடத்தில் கூடுதலாக 43 லட்சம் தேவைப்படுகிறது. அதை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் சுமார் 43,000 ரூபாய். இரண்டு லட்சம் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. அதுவும் கடன் கிடைத்தால்தான். கிடைக்காவிட்டால் இரண்டாம் மாதமே குருணை வாங்கப் பணம் இருக்காது, ஆர்டர் கையில் இருக்க இயந்திரம் நிற்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 90 நாள் கடனில், மாத விற்பனையை ஒரு லட்சம் கூட்ட வேண்டுமென்றால் சுமார் 3.2 லட்சம் ரூபாயைப் புதிதாக உள்ளே போட வேண்டும். ஆர்டர் பெருகிய ஆண்டில் பல சிறு தொழில்கள் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். விற்பனை கூடியதை வைத்து மகிழ்ச்சியடைகிறவர், அந்தக் கூடுதல் விற்பனை முழுவதும் வேறொருவரின் கணக்குப் புத்தகத்தில் பாக்கியாக உட்கார்ந்திருப்பதைத் தாமதமாகத்தான் கவனிக்கிறார்.

சரி, 30 நாள் என்று பேசியது எப்படி 90 நாளாகிறது? எல்லா நேரமும் ஏமாற்று வேலை அல்ல. ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு வாங்குபவர் பணம் அனுப்பவே கப்பல் ஏறியபின் இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். அந்தக் காத்திருப்பை அவர் தனக்குக் கீழே இருக்கும் நூல்காரர், சாயப்பட்டறை, பிரிண்டிங், பாலி பேக், அட்டைப்பெட்டி என்று எல்லார் மீதும் பகிர்ந்துவிடுகிறார். வாரக் கூலி கொடுக்காமல் தைக்கும் ஆளை வைத்திருக்க முடியாது. பெரிய மில் நூலுக்குப் பணம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆகவே தள்ளிப்போடக்கூடிய பாக்கி எதுவோ அதுதான் தள்ளிப்போகும். பையும் பெட்டியும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

அடுத்த காரணம், நாளை எங்கிருந்து எண்ணுவது என்பது. பில் தேதியிலிருந்தா, சரக்கு கோடவுனில் இறங்கிய தேதியிலிருந்தா, மாதக் கடைசியில் அனுப்பும் ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்தா? வாங்குபவர் "ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாள்" என்று சொல்வதைப் பில்லிலிருந்து 60 நாள் என்று விற்பவர் புரிந்துகொள்கிறார். ஜூன் 3ஆம் தேதி போட்ட பில்லுக்கு ஜூன் 30 வரை 27 நாள், அதன்மேல் 60 நாள், ஆக 87 நாள் ஆகிறது. அந்த நிறுவனம் மாதம் ஒருமுறை, 10ஆம் தேதிதான் பணம் பட்டுவாடா செய்யும் என்றால் செப்டம்பர் 10 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் 99 நாள் ஓடிவிடுகிறது. இதில் யாருமே சொன்ன சொல்லை மீறவில்லை என்பதுதான் வேதனை.

எனவே திட்டத்தில் இடம்பெற வேண்டியது ஒரு வரி அல்ல, ஒரு முழுப் பக்கம். அந்தப் பக்கத்தின் முதல் பகுதி, யாருக்குக் கடன், எவ்வளவு வரை என்பது.

புதிதாக வரும் பார்ட்டிக்கு முதல் இரண்டு, மூன்று ஆர்டரை முன்பணத்துக்கோ சரக்கு இறங்கும்போது பணத்துக்கோ கொடுப்பது பழைய வழக்கம். அதை எழுத்தில் வைப்பது நல்லது. அந்த இடைவெளியில் விசாரிக்கலாம். ஜி.எஸ்.டி. எண்ணைப் பொதுத் தளத்தில் போட்டால் பதிவு எந்த ஆண்டு வாங்கியது, உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகப் போகிறதா என்று தெரிந்துவிடும். பல மாதம் ரிட்டர்ன் போடாத நிறுவனம் பில்லுக்குப் பணம் தரும் என்று நம்ப இடமில்லை. அதைவிடப் பயனுள்ளது, அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே வேறு பொருள் கொடுக்கும் இரண்டு பேரிடம் பேசுவது. அட்டைப்பெட்டிக்காரரும் லேபிள்காரரும் போட்டியாளர்கள் அல்ல, உண்மையைச் சொல்வார்கள். "நல்லவங்களா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லவர்கள்தான். "கடைசி மூணு பில்லு எத்தனை நாள்ல வந்துச்சுங்க?" என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

கடன் வரம்பை உணர்ச்சியில் அல்ல, கணக்கில் வைக்க வேண்டும். ஒரு பார்ட்டி வரியோடு மாதம் 5.9 லட்சத்துக்கு வாங்குகிறார், 45 நாள் கடன் என்றால், 15 நாள் தாமதத்தையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கான 11.8 லட்சம் அவருக்கு வரம்பு. பாக்கி அந்தத் தொகையைத் தொட்டதும், பழைய பில் தீராமல் அடுத்த வண்டி ஏறக்கூடாது. இந்த நிறுத்தும் அதிகாரம் ஆர்டர் பிடிக்கும் ஆளிடம் இருக்கக்கூடாது, கணக்குப் பார்க்கிறவரிடம் இருக்க வேண்டும். விற்பனை ஆளுக்குக் கமிஷன் உண்டென்றால் அதைப் பில் போட்டதும் கொடுக்காமல் பணம் வந்ததும் கொடுப்பது பல நாள் பேச்சை மிச்சப்படுத்தும். அவரே பாக்கியை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

வரம்பு எதற்கு என்பதை நஷ்டக் கணக்கு சொல்லும். 5.9 லட்சம் பாக்கியோடு ஒரு பார்ட்டி கதவை மூடிவிட்டால், பத்து சதவீத லாபத்தில் அந்தப் பணத்தைத் திரும்பச் சம்பாதிக்க 59 லட்சத்துக்குப் புதிதாக விற்க வேண்டும். மூன்று மாத உழைப்பு. அந்த 5.9 லட்சத்தில் 90,000 ரூபாய் வரி. வராத பணத்துக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை அரசு திருப்பித் தராது. இந்தியச் சட்டத்தில் வாராக்கடனுக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது நாள். இங்கேதான் சட்டம் சிறு உற்பத்தியாளர் பக்கம் நிற்கிறது, பலர் அதைத் திட்டத்திலேயே சேர்ப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது என்கிறது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45க்கு மேல் அந்த எண்ணுக்குச் சட்டபலம் இல்லை. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதமாக இருக்கும்போது அது 18 சதவீதம்.

2024 ஏப்ரல் 1 முதல் இதற்குப் பல் முளைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவின் கீழ் 'எச்' என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்த 15 அல்லது 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழித்துக்கொள்ள முடியும். மார்ச் 31 அன்று கெடு தாண்டிய பாக்கி இருந்தால் அது அவருடைய லாபமாகவே கணக்கில் ஏறி வரிக்கு உட்படும். வணிக அமைப்புகள் பல இதைத் தள்ளிவைக்கக் கோரின. ஆனால் சிறு உற்பத்தியாளருக்கு இது வட்டிக் கடிதத்தைவிட வலுவான பிடி. வட்டி கேட்டால் உறவு முறியும். வரியை நினைவூட்டினால் எதிர்ப் பக்கத்து ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

இதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது. உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை செய்கிறவருக்கும்தான். நடுத்தர நிறுவனத்துக்கும் இல்லை. உத்யம் பதிவு முதல் பில்லுக்கு முன்பே இருக்க வேண்டும். சண்டை வந்தபின் பதிவு வாங்கிப் பழைய பில்லுக்கு உரிமை கேட்பது வழக்கில் சிக்கும். பதிவு எண்ணையும் 'குறு' அல்லது 'சிறு' என்ற வகையையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடிப்பது ஒரு பைசா செலவில்லாத வேலை. இன்னொரு விளைவு, வரிக்கெடு ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் 31 அன்று வருவதால், பணம் மார்ச்சில் வேகமாக வந்து ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி இழுபட வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு மாதமும் ஒரே வசூல் என்று திட்டத்தில் எழுதுகிறவர் மே மாதக் கூலிக்குத் தவிப்பார்.

இனி வசூல். பணம் கேட்பது கடைசி நாளில் தொடங்கும் வேலை அல்ல. பெரிய நிறுவனத்தில் பில் நின்றுபோவதற்கான காரணம் பாதி நேரம் காகிதம்தான். பர்ச்சேஸ் ஆர்டர் எண் பில்லில் இல்லை, டெலிவரி சலானில் கேட்கீப்பர் முத்திரை இல்லை, ஆர்டரில் 51 மைக்ரான் என்றிருக்கிறது பில்லில் 50 என்றிருக்கிறது, விலையில் பத்துப் பைசா வித்தியாசம். இவை எதுவும் தானாகத் தெரியவராது. 46ஆம் நாள் போன் செய்யும்போது, "அண்ணா, உங்க பில்லே எங்க டேபிளுக்கு வரலைங்களே" என்று பதில் வரும். அதிலிருந்து கணக்கு மறுபடி தொடங்கும்.

ஆகவே முதல் போன் பணத்துக்கல்ல. சரக்கு இறங்கிய மூன்றாம் நாள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் பேசி, பில் பதிவாகிவிட்டதா, குறை ஏதும் உண்டா என்று கேட்பது. குறை இருந்தால் அன்றே தீர்த்துவிடலாம். பணம் வர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு பில் எண், தேதி, தொகையோடு பட்டியலை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, அடுத்த பட்டுவாடாவில் இந்தப் பில்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்பது. நாள் தாண்டிய மறுநாளே ஒரு போன். இந்த மறுநாள் போன் முக்கியமானது. பத்து நாள் சும்மா இருந்துவிட்டுக் கேட்கிறவருக்குப் பத்து நாள் தாமதம் பெரிதில்லை என்று எதிர்ப்பக்கம் கற்றுக்கொள்கிறது.

அதற்கடுத்த வாரம் முதலாளி முதலாளியிடம் பேசுவது. அக்கவுண்டன்டிடம் பத்து முறை பேசுவதைவிட இது பலன் தரும், ஆனால் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். 60ஆம் நாள் டெஸ்பாட்ச் நிற்கும் என்று எழுதியிருந்தால் அன்று நிற்க வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கும்போது பை இல்லாமல் பெட்டி கட்ட முடியாது என்பதால், விலை சிறிதானாலும் பை கொடுப்பவரின் கையில் உள்ள உண்மையான பலம் அதுதான். சொல்லிவிட்டு ஒருமுறை அனுப்பிவிட்டால் அந்தக் கொள்கை அன்றோடு முடிந்தது. 75ஆம் நாள் சட்டப்படி வட்டியைக் குறிப்பிட்டுக் கடிதம். 90ஆம் நாள் வசதியாக்கக் குழு.

குறு, சிறு நிறுவனங்களின் தாமதப் பணப் புகார்களுக்காக ஒன்றிய அரசு 2017இல் சமாதான் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. புகார் மாநிலத்தின் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி மண்டலங்களில் அந்தக் குழுக்கள் இருக்கின்றன. முதலில் சமரசம், அது பலிக்காவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகிறவர் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதை நம்பிப் பணவரவைத் திட்டமிடக்கூடாது. தவிர, குழுவுக்குப் போகிறவர் அந்த வாடிக்கையாளரை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். இனி வியாபாரம் இல்லை என்று முடிவான இடத்துக்குத்தான் இது பொருந்தும். அங்கேகூட, கடன் பாக்கிக்கான மூன்றாண்டுக் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறக்கக்கூடாது. பாக்கியை எதிர்த்தரப்பு எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதி கட்டினாலோ அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை இருப்புக் கணக்கை உறுதிசெய்து கையெழுத்து வாங்குவதன் பயன் அதுவே.

பின் தேதியிட்ட செக் வாங்கும் வழக்கம் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இன்னும் இருக்கிறது. அதற்கும் நாள்கணக்கு கறாரானது. செக்கின் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால், அந்தத் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. "அடுத்த வாரம் போடுங்க" என்று கேட்டுக் கேட்டு மூன்று மாதத்தைக் கடத்திவிடும் பார்ட்டிகள் இந்தக் கணக்கை நன்றாகவே அறிந்தவர்கள்.

எந்தப் பார்ட்டி தடுமாறுகிறது என்பதை முன்பே கண்டுகொள்ள முடியுமா? பெரும்பாலும் முடியும். பில்லுக்குப் பில் தீர்த்துவந்தவர் திடீரென்று 'ஆன் அக்கவுண்ட்' என்று ஒரு லட்சம், ஐம்பதாயிரம் என்று முழு எண்ணில் அனுப்பத் தொடங்குவது முதல் அடையாளம். கையில் இருப்பதைப் பங்கு போடுகிறார் என்று அர்த்தம். இரண்டாவது, ஐம்பதாம் நாளில் பை ஒட்டவில்லை, பிரிண்ட் சரியில்லை என்று புதிதாக முளைக்கும் குறை. மூன்றாவது நல்ல செய்திபோல வரும். ஆர்டர் வழக்கத்தைவிடத் திடீரென்று இரண்டு மடங்காகிறது. மற்ற சப்ளையர்கள் நிறுத்திவிட்டதால் எல்லா ஆர்டரும் இங்கே வருகிறதா என்று விசாரித்த பிறகே வண்டி ஏற்ற வேண்டும்.

கணக்கில் தெரியும் அடையாளமும் உண்டு. மாதக் கடைசியில் மொத்தப் பாக்கியை மாத பில் தொகையால் வகுத்து 30ஆல் பெருக்கினால், பணம் சராசரியாக எத்தனை நாளில் வருகிறது என்று கிடைக்கும். 52 லட்சம் பாக்கி, 23.6 லட்சம் மாத பில் என்றால் 66 நாள். 45 நாள் என்று எழுதிய திட்டம் 21 நாள் பிசகியிருக்கிறது. ஆனால் சராசரியை மட்டும் நம்பினால் நாலு நல்ல பார்ட்டிக்குப் பின்னால் ஒரு மோசமான பார்ட்டி ஒளிந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு பார்ட்டியின் பாக்கியையும் 45 நாளுக்குள், 46 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல் என்று பிரித்து எழுதிப் பார்ப்பதே முறை. வங்கியும் அப்படித்தான் பார்க்கிறது. ஸ்டாக்கும் பாக்கியும் காட்டி வாங்கும் ஓவர்டிராஃப்டில், பொதுவாக 90 நாள் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கில் சேர்க்காது. பணம் வராமல் தவிக்கும் அதே மாதத்தில் எடுக்கக்கூடிய கடனும் சுருங்கும். இது திட்டத்தில் யாரும் எழுதாத இரட்டை அடி.

சீக்கிரம் பணம் கொடுப்பவருக்குத் தள்ளுபடி தரலாமா என்ற கேள்வியும் எழும். "பத்து நாளில் கொடுத்தால் இரண்டு சதவீதம் கழித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் 45 நாள்" என்று தருகிறவர்கள் உண்டு. இரண்டு சதவீதம் சிறிதாகத் தோன்றுகிறது. ஆனால் 98 ரூபாயை 35 நாள் முன்னதாக வாங்க இரண்டு ரூபாய் கொடுப்பது, ஆண்டுக்கு 21 சதவீத வட்டிக்குச் சமம். வங்கியில் 12 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறவர் இதைக் கொடுக்கக்கூடாது. ஒரு சதவீதம் என்றால் சுமார் 10.5 சதவீத வட்டி ஆகிறது, அது நியாயமான பேரம்.

பெரிய வாங்குபவர்களிடம் இன்னொரு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்கும் டிரெட்ஸ் தளங்களில், விற்பவரின் பில்லை வாங்குபவர் இணையத்தில் ஏற்றுக்கொண்டால், வங்கிகள் அதன்மேல் ஏலம் கேட்கும். குறைந்த வட்டி சொன்ன வங்கி ஓரிரு நாளில் பணத்தை விற்பவருக்குத் தந்துவிட்டு, கெடு நாளில் வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்ளும். வாங்குபவர் தவறினாலும் விற்பவரிடம் திரும்பக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் இறுதிக்குள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. பதிவு செய்வது கட்டாயம்தான். ஒவ்வொரு பில்லையும் ஏற்றுக்கொள்வது அவர்கள் மனம். ஐந்து, பத்துக் கோடிக்கு ஏற்றுமதி செய்யும் திருப்பூரின் சிறு நிறுவனங்கள் இந்த வட்டத்துக்குள் வருவதில்லை.

கடைசியாக, எந்தத் திட்டமும் சந்திக்கும் பார்ட்டி ஒருவர் உண்டு. உற்பத்தியில் 40 சதவீதத்தை, அதாவது மாதம் 8 லட்சத்துக்கு அவரே எடுத்துக்கொள்வார். வரியோடு 9.44 லட்சம். ஆனால் 90 நாளில்தான் பணம், சட்டத்தைப் பேசினால் ஆர்டர் இல்லை என்பார். மறுப்பதா, ஏற்பதா?

வட்டியை மட்டும் பார்த்தால் ஏற்கலாம். 45 நாளில் வர வேண்டியது 90 நாளில் வந்தால் அவர் பெயரில் கூடுதலாக நிற்கும் பாக்கி 14.16 லட்சம், அதன் மாத வட்டி சுமார் 14,000 ரூபாய். அவரால் வரும் மாத லாபம் 80,000. பில் தொகையில் ஒன்றரை சதவீதத்தை விலையில் ஏற்றிவிட்டால் அந்த வட்டியும் வந்துவிடும். ஆனால் 90 நாள் கணக்கில் எப்போதும் அவரிடம் நிற்கும் பணம் 28.32 லட்சம். அது இந்தத் தொழிலின் பதினான்கு மாத மொத்த லாபம். அவர் ஒருவர் சாய்ந்தால் அத்தனையும் போகும். ஒன்றரை சதவீத விலை உயர்வு வட்டியை ஈடுகட்டும், இந்த ஆபத்தை ஈடுகட்டாது.

ஆகவே பேச வேண்டியது விலையைவிட அளவைப் பற்றித்தான். அவருக்கு மாதம் 8 லட்சத்துக்குப் பதிலாக 4 லட்சத்துக்கு மட்டும் கொடுத்தால், 90 நாள் கடனிலும் அவரிடம் நிற்பது 14.16 லட்சம்தான். 8 லட்சத்தை 45 நாள் கடனில் கொடுத்திருந்தால் நின்றிருக்கும் அதே தொகை. மீதி 4 லட்சத்துக்கான இயந்திர நேரத்தை 30 நாளில் பணம் தரும் உள்நாட்டுப் பனியன் நிறுவனங்கள் மூன்று நான்குக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அவர்களைத் தேடிப் பிடிக்க முதல் ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் விற்பனை 20 லட்சத்துக்குப் பதில் 16 லட்சமாக இருக்கும் என்றே பணவரவு அட்டவணையில் எழுதி, அந்தக் குறைந்த விற்பனையிலும் வாடகையும் வங்கித் தவணையும் கட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.